ஆல்ஃபா 0.91 வந்தால் மன அழுத்தத்தை அளந்துவிட்டோமா?

மாணவர்களின் மன அழுத்தத்தை அளக்கும் வினாநிரல்கள் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரு கருவி ஒரே விதமாக, தடுமாறாமல் அளக்கிறதா என்பது நம்பகத்தன்மை. அளப்பதாகச் சொல்லும் பொருளைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதிலிருந்தே பிறக்கின்றன.

கேள்வி: 20 வாக்கியங்கள் கொண்ட வினாநிரலை 240 மாணவர்களிடம் கொடுத்தேன். குரோன்பாக் ஆல்ஃபா 0.91 வந்தது. "நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் நிறுவப்பட்டன" என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

முதல் பாதியை எழுதலாம், அதையும் வாக்கியங்கள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன என்று மட்டும் பொருள்படும் "உள் ஒத்திசைவு" என்று குறுக்கித்தான் எழுத வேண்டும். இரண்டாம் பாதிக்கு உங்களிடம் இன்னும் சான்று இல்லை.

1951-இல் லீ குரோன்பாக் எழுதிய கட்டுரையால் பரவலான இந்த எண், அடிப்படையில் இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: எத்தனை வாக்கியங்கள், அவற்றின் விடைகள் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவு சராசரியாக எவ்வளவு. சராசரி ஒட்டுறவு 0.30 என்று வைத்துக்கொள்வோம். 5 வாக்கியங்களுக்கு ஆல்ஃபா 0.68, பத்துக்கு 0.81, இருபதுக்கு 0.90. வாக்கியங்களின் தரம் துளியும் மாறவில்லை, எண்ணிக்கை கூடியதும் ஆல்ஃபா கூடிவிட்டது. உங்கள் 0.91-க்குப் பின்னால் இருக்கும் சராசரி ஒட்டுறவு ஏறத்தாழ 0.34 மட்டுமே.

அந்தச் சராசரிக்குள் எது ஒளிந்திருக்கிறது என்பதை ஆல்ஃபா சொல்லாது. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். 10 வாக்கியங்கள், முதல் ஐந்து படிப்புச் சுமை பற்றியவை, அடுத்த ஐந்து வீட்டுப் பிரச்சினை பற்றியவை. ஒரே குழுவுக்குள் ஒவ்வொரு இணைக்கும் ஒட்டுறவு 0.50, இரு குழுக்களுக்கும் இடையே சுழி. மொத்தமுள்ள 45 இணைகளில் 20 மட்டுமே 0.50 என்பதால் சராசரி 0.22. ஆல்ஃபா 0.74 வரும்! ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு பொருள்களைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கியிருக்கிறோம், ஆனால் 0.70-ஐத் தாண்டிவிட்டது என்று வழக்கமான வரம்பு அதை ஏற்றுக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. "எனக்குப் பதற்றமாக இருக்கிறது", "நான் பதற்றமாக உணர்கிறேன்", "அடிக்கடி பதற்றப்படுகிறேன்" என்று ஒரே வாக்கியத்தைச் சொல் மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்டால் ஆல்ஃபா 0.95-ஐத் தொடும். கருவி கூர்மையானதால் வந்த உயர்வு அல்ல அது. மன அழுத்தத்தின் மற்ற முகங்களை விட்டுவிட்டு ஒரே மூலையைச் சுற்றியதால் வந்தது.

ஆகவே முதலில் 20×20 ஒட்டுறவு அட்டவணையை அச்சிட்டுக் கண்ணால் பாருங்கள். 0.70-க்கு மேலுள்ள இணைகளைக் குறியுங்கள், அவை அநேகமாக ஒரே கேள்வியின் நகல்கள். தங்களுக்குள் மட்டும் ஒட்டிக்கொண்டு மற்றவற்றோடு ஒட்டாத கூட்டங்கள் தெரிந்தால், வாக்கியங்களை அப்படிக் கூட்டங்களாகப் பிரித்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வு செய்து, கூட்டத்துக்கு ஒன்றாகத் தனித்தனி ஆல்ஃபா கொடுங்கள்.

கேள்வி: 10 வாக்கியங்கள் கொண்ட உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலைப் பயன்படுத்தினேன். உலகம் முழுக்கப் பயன்படும் கருவி என்கிறார்கள், எனக்கோ ஆல்ஃபா 0.38. மாணவர்கள் பொய்யாக நிரப்பிவிட்டார்களா?

மாணவர்களைச் சந்தேகிக்கும் முன் உங்கள் தரவுக் கோப்பைப் பாருங்கள். இந்த அளவுகோலில் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் நேர்மறை வாக்கியங்கள். "பிரச்சினைகளைக் கையாள முடியும் என்ற நம்பிக்கை இருந்தது" என்பதற்கு ஒருவர் 4 போட்டால் அவருக்கு அழுத்தம் குறைவு என்று பொருள். கூட்டுவதற்கு முன் இவற்றைத் திருப்பிப் போட வேண்டும். மறந்துவிட்டால் ஆறு வாக்கியங்கள் ஒரு பக்கமும் நான்கு மறுபக்கமும் இழுத்து ஆல்ஃபாவைக் கவிழ்த்துவிடும், சில வேளை அது எதிர்ம எண்ணாகவே வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மீதி மொத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவைப் பாருங்கள். அந்த நான்குக்கும் மட்டும் எதிர்மக் குறி இருந்தால் காரணம் இதுதான். R மொழியில் திருப்பும் வழி இது:

```r
d[, c(4,5,7,8)] <- 4 - d[, c(4,5,7,8)]
psych::alpha(d)
```

இது 0 முதல் 4 வரை குறியிட்டிருந்தால்தான் பொருந்தும். 1 முதல் 5 வரை குறியிட்டிருந்தால் வலப்பக்கத்தில் `6 - d[, c(4,5,7,8)]` என்று எழுத வேண்டும். இந்த வரியைத் தவறுதலாக இரண்டு முறை ஓட்டினால் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பதால் திருப்பியவற்றைப் புதிய பெயரில் சேமிப்பது நல்லது.

திருப்பிய பின்னும் ஒரு வாக்கியம் மட்டும் ஒட்டாமல் நின்றால் மொழிபெயர்ப்பைச் சந்தேகியுங்கள். "சமாளிக்க முடியவில்லை என்று எத்தனை முறை தோன்றியது?" என்ற கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" என்று விடை குறிக்க வேண்டுமானால், இரண்டு எதிர்மறைகளை மனதில் கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கிறது. வேகமாக நிரப்புபவர் அங்கே தவறுவார்.

கேள்வி: உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலை ஒரே மாணவர்களிடம் ஆறு வாரம் கழித்து மறுபடியும் கொடுத்தோம். இரண்டு மதிப்பெண்களுக்கும் ஒட்டுறவு 0.55 மட்டுமே. கருவியைக் கைவிட்டு விடலாமா?

வேண்டாம். கோஹன், கமார்க், மெர்மெல்ஸ்டீன் மூவரும் 1983-இல் இந்த அளவுகோலின் 14 வாக்கிய மூல வடிவை வெளியிட்டபோது, இரண்டு நாள் இடைவெளியில் 0.85-உம் ஆறு வார இடைவெளியில் 0.55-உம் கிடைத்தன. அளவுகோல் கேட்பதே "கடந்த ஒரு மாதத்தில்" எப்படி இருந்தது என்றுதான். ஆறு வாரத்தில் அந்த ஒரு மாதம் முழுவதுமே வேறாகிவிடுகிறது. மாறக்கூடிய பொருள் மாறியிருக்கிறது. அதைக் கருவியின் பிழை என்று எண்ணக் கூடாது. நுண்ணறிவு போல நிலையான ஒன்றை அளந்து 0.55 வந்திருந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

இடைவெளி மிகக் குறைந்தால் முந்தைய விடைகளை நினைவிலிருந்து எழுதுவார்கள், மிகக் கூடினால் வாழ்க்கையே மாறிவிடும். ஒன்றிரண்டு வாரம், இடையில் தேர்வோ நீண்ட விடுமுறையோ வராத காலம் என்றால் பெரும்பாலும் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள்: எல்லோருடைய மதிப்பெண்ணும் ஒரே சீராக 5 கூடினால்கூட ஒட்டுறவு 1 என்றே வரும். ஆகவே இரண்டு முறைக்கும் சராசரியையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: சரி, அது உண்மையிலேயே மன அழுத்தத்தைத்தான் அளக்கிறது என்று எப்படிக் காட்டுவது? மனச்சோர்வையோ வெறும் களைப்பையோ அளக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒரே எண்ணில் இதற்கு விடை கிடையாது, பல பக்கத்துச் சான்றுகளைச் சேர்க்க வேண்டும்.

எண்களுக்கு முன் சொற்களிலிருந்து தொடங்குங்கள். ஆறு முதல் பத்து மாணவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்ததும் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "இரவில் சரியாகத் தூங்க முடியவில்லை" என்பதற்கு ஒருவர் "ஆமாம், அறையில் சத்தம்" என்பார், இன்னொருவர் "போன் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்பார். இருவரும் ஒரே கட்டத்தில்தான் டிக் போடுவார்கள். தூக்கம், தலைவலி, பசியின்மை போன்ற உடல் அறிகுறி வாக்கியங்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் காய்ச்சலில் கிடக்கும் மாணவரும் "அதிக அழுத்தம்" என்ற பிரிவில் விழுவார். இந்தக் கோளாறு எந்த ஆல்ஃபாவிலும் தெரியாது.

அடுத்து, சேர வேண்டியதோடு சேர்கிறதா, விலக வேண்டியதிலிருந்து விலகுகிறதா என்று பாருங்கள். கேம்ப்பெல், ஃபிஸ்க் இருவரும் 1959-இல் வகுத்த தர்க்கம் இது. அதே மாணவர்களிடம் ஏற்கெனவே சோதிக்கப்பட்ட ஒரு மன அழுத்த அளவுகோலையும் ஒரு மனச்சோர்வு அளவுகோலையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் கருவிக்கும் மற்ற மன அழுத்த அளவுகோலுக்கும் ஒட்டுறவு 0.58, மனச்சோர்வு அளவுகோலோடு 0.62 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். தன் இனத்தைவிட அயல் இனத்தோடு நெருக்கம், இது எச்சரிக்கை.

0.62-தானே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. அளவீட்டுப் பிழை ஒட்டுறவைக் குறைத்தே காட்டும். உங்கள் கருவியின் நம்பகத்தன்மை 0.80, மனச்சோர்வு அளவுகோலுடையது 0.75 என்றால், பிழையை நீக்கிய மதிப்பு இது:

`0.62 / √(0.80 × 0.75) = 0.80`

அழுத்தமும் சோர்வும் இயல்பிலேயே உறவுடையவை என்பதால் சுழியை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் 0.80 என்றால் இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. இந்த நிலையில் "எதிலும் விருப்பமில்லை", "நான் எதற்கும் உதவாதவன்" போன்ற வாக்கியங்கள் உங்கள் நிரலில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அவை மனச்சோர்வுக்கு உரியவை. எடுத்துவிட்டு, வேறொரு புதிய குழுவிடம் மறுபடி சோதியுங்கள்.

மூன்றாவதாக, கருவி எப்போது ஏற வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துச் சோதியுங்கள். படிப்பு அழுத்தத்தை அளப்பதானால் தேர்வு வாரத்தில் மதிப்பெண் ஏற வேண்டும், பாடங்கள் சாதாரணமாக நடக்கும் வாரத்தில் இறங்க வேண்டும். கூடவே ஏறக் கூடாத ஒன்றையும், எடுத்துக்காட்டாகத் தனிமையுணர்வை, அளந்து வையுங்கள். இரண்டுமே ஒன்றாக ஏறினால், தேர்வு வாரத்தில் மாணவர்கள் எதைக் கேட்டாலும் இருண்ட விடை தருகிறார்கள் என்றே பொருள்.

தேர்வு மதிப்பெண்ணை உரைகல்லாக வைக்காதீர்கள். அக்கறையோடு படிப்பவருக்கும் அழுத்தம் உண்டு, கைவிட்டவருக்கு அது இல்லாமலும் போகலாம். கார்ட்டிசால் ஹார்மோனும் எளிய வழியல்ல, நேரத்துக்கு நேரம் மாறும் அது, ஒருவர் தானே சொல்லும் அழுத்தத்தோடு பெரும்பாலும் பலவீனமாகவே ஒட்டுகிறது.

கேள்வி: ஆலோசனைக்கு வந்த மாணவி ஒருவரின் மதிப்பெண் 24-இலிருந்து 20 ஆனது. முன்னேற்றம் என்று பதிவு செய்யலாமா?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மாணவர்களிடையே திட்ட விலக்கம் 6, நம்பகத்தன்மை 0.84 என்று கொள்வோம். ஒரு மதிப்பெண்ணின் அளவீட்டுப் பிழை `6 × √(1 − 0.84) = 2.4`. இரண்டு மதிப்பெண்களைக் கழிக்கும்போது இரண்டின் பிழையும் சேர்வதால் √2-ஆலும், 95 விழுக்காட்டு வரம்புக்காக 1.96-ஆலும் பெருக்க வேண்டும்: `2.4 × √2 × 1.96`, அதாவது ஏறத்தாழ 6.7. இதைவிடக் குறைவான மாற்றம், உண்மையில் ஒன்றும் நடக்காமலே வந்திருக்கலாம். 4 புள்ளி இறக்கம் அதற்குள்தான் அடங்குகிறது.

நூறு பேர் கொண்ட குழுவின் சராசரி 4 இறங்கியிருந்தால் கதை வேறு, அங்கே தனித்தனிப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தனி ஒருவர் விஷயத்தில் மதிப்பெண்ணைப் பேச்சைத் தொடங்கும் நூலாக மட்டும் வைத்து, எந்த வாக்கியங்களில் விடை மாறியது, ஏன் மாறியது என்று அந்த மாணவியிடமே கேளுங்கள்.