‘எ கப்பிள் ஆஃப் டேஸ்’, ‘எ டஜன் பீப்பிள்’: தமிழில் எப்படி எழுதுவது?

‘எ கப்பிள் ஆஃப் டேஸ்’ என்றால் இரண்டு நாள், ‘எ டஜன் பீப்பிள்’ என்றால் 12 பேர் என்றே எழுதலாமா?

பெரும்பாலும் கூடாது. இவை தோராய எண்கள். ஒரு எண்ணைச் சொன்னாலும் அதன் அக்கம்பக்கத்தையே குறிக்கின்றன. ஆங்கிலம் இதற்குப் பழகிப்போன ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும். தமிழோ அருகருகே உள்ள இரண்டு எண்களைச் சேர்த்துவிடும்: ஓரிரு, இரண்டு மூன்று, நாலைந்து, ஏழெட்டு. அதனால் ‘இரண்டொரு நாளில் வருகிறேன்’, ‘பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்’ என்பதே பொருந்தும். 12 என்று எழுதினால், யாரோ தலையை எண்ணியதாகிவிடும்; ஒரு கைப்பிடி அரிசியை கிராமில் எழுதுவது போல.

‘எ ஃப்யூ’ இன்னும் நெகிழ்வானது. அதற்குச் ‘சில’ போதும். பேச்சு நடையில் ‘நாலைந்து’.

விலையோ கணக்கோ ஒட்டி வந்தால் மட்டும் எண் கறாரானது: ஒரு டஜன் முட்டை என்றால் 12தான்.

‘சுமார் 12 பேர்’ என்று எழுதினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ‘சுமார்’ என்பது யாரோ மதிப்பிட்ட கணக்கைக் காட்டும், பேச்சுவாக்கில் வந்த எண்ணை அல்ல.