லிங்க்ட்இன்னில் புது வேலையைச் சொல்வது: ஒரு பதிவைத் திருத்திய கதை

“அக்கா, டொராண்டோ வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டேட்டா அனலிஸ்ட் வேலை கிடைத்துவிட்டது. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டாச்சு, அடுத்த மாதம் சேர வேண்டும். லிங்க்ட்இன்னில் போட ஒரு பதிவு எழுதி அனுப்பியிருக்கிறேன். பந்தா மாதிரியும் தெரியக் கூடாது, இங்கிலீஷ் பிழையும் இருக்கக் கூடாது. திருத்தித் தருவீர்களா?”

ரொம்ப சந்தோஷம் தம்பி, வாழ்த்துகள். நீ அனுப்பியதை இரண்டு தடவை படித்தேன். திருத்துவதற்கு முன்னால் ஒன்று: இன்றைக்குப் போடாதே. ஆஃபர் லெட்டரை எடுத்து, பின்னணிச் சோதனை முடிந்தால்தான் இந்த வேலை உறுதி என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று பார். இன்சூரன்ஸ், பேங்க் வேலைகளில் பெரும்பாலும் இருக்கும். ஊரில் பழைய கம்பெனியிலிருந்து பதில் வரத் தாமதமானாலே சேரும் தேதி தள்ளிப் போகும். வேலையில் சேர்ந்து ஒரு வாரம் கழித்துப் போடு, யாரும் தாமதம் என்று நினைக்கப் போவதில்லை.

இப்போது உன் முதல் வரி. “ஐ யாம் எக்ஸ்ட்ரீம்லி ஹம்பிள்டு டு அனவுன்ஸ் தட் ஐ காட் செலக்டட் அஸ் டேட்டா அனலிஸ்ட் இன் ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் இன்சூரன்ஸ் கம்பெனி” என்று எழுதியிருக்கிறாய். ‘ஹம்பிள்டு’ என்று சொல்லிக்கொண்டே ‘மிகப் பெரிய கம்பெனி’ என்று முடிக்கிறாய் பார், அந்த இரண்டும் ஒரே வரியில் ஒட்டாது. பணிவு உன் சொல்லில் தானாகத் தெரிய வேண்டும், நீ அறிவிக்க வேண்டியதில்லை. அந்த வார்த்தையை இங்கே எல்லோரும் போட்டுப் போட்டு அது தேய்ந்தும் போய்விட்டது. சந்தோஷமாக இருக்கிறது என்று சொல், அல்லது அதுகூட வேண்டாம், எங்கே என்ன வேலையில் சேர்ந்தாய் என்று நேராகச் சொல். கம்பெனியின் பெயரைப் போட்டுவிட்டால் அது பெரியதா சின்னதா என்று படிப்பவர்களுக்கே தெரியும். ‘காட் செலக்டட்’ என்பது நம் ஊர் கேம்பஸ் இன்டர்வியூ பேச்சு, இங்கே ‘ஜாயின்டு’ போதும். ‘ஜாயின்டு இன்’ என்று எழுதிவிடாதே, கம்பெனிப் பெயருக்கு முன்னால் ‘இன்’ வராது. ‘டேட்டா அனலிஸ்ட்’ என்பதற்கு முன்னால் ஒரு ‘எ’ வேண்டும். ‘ஒன் ஆஃப் தி’ என்று தொடங்கினால் பின்னால் ‘கம்பெனீஸ்’ என்று பன்மைதான் வர வேண்டும். அந்த வரியையே எடுத்துவிடுகிறோம் என்றாலும் இது எல்லா இடத்துக்கும் உதவும்.

இன்னொரு பிழை நம்மவர்கள் நிறையப் பேரிடம் பார்க்கிறேன்: ‘ஐ ஹேவ் ஜாயின்டு லாஸ்ட் வீக்’. போன வாரம், நேற்று, 2021-ல் என்று எப்போது நடந்தது என்பதை நீ சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வரக் கூடாது. ‘ஐ ஜாயின்டு லாஸ்ட் வீக்’ சரி. தேதி சொல்லாவிட்டால் ‘ஐ ஹேவ் ஜாயின்டு’ சரி. இதே மாதிரி ‘வொர்க்கிங் ஃப்ரம் லாஸ்ட் த்ரீ இயர்ஸ்’ என்று போட்டிருக்கிறாய், அந்த ‘ஃப்ரம்’ தப்பு, ‘ஃபார் தி’ தான் வரும். நீ அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவன், அதனால் ‘ஐ ஸ்பென்ட் த்ரீ இயர்ஸ்’ என்று முடிந்த காலத்தில் சொல்வதே சுத்தமாக இருக்கும். அப்புறம் ‘பாஸ்டு அவுட் இன் 2021’. இங்கே அதைப் படிப்பவர்களுக்கு நீ அந்த வருஷம் மயங்கி விழுந்தாய் என்றுதான் அர்த்தமாகும். ‘கிராஜுவேட்டட்’ என்று எழுது.

இரண்டாவது வரியில், நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்ததில் உன்னை மட்டும் எடுத்தார்கள் என்கிறாய். இதைக் கண்டிப்பாக எடுத்துவிடு. வேலை விளம்பரத்தின் மேல் லிங்க்ட்இன் காட்டும் எண்ணிக்கை, விண்ணப்பம் கம்பெனியின் சொந்தத் தளத்துக்குப் போகும் இடங்களில், அந்தப் பட்டனை அழுத்தியவர்களின் கணக்கு மட்டும்தான். எத்தனை பேர் முழுதாக விண்ணப்பித்தார்கள் என்று அதில் தெரியாது. அதைவிட முக்கியம், உன் தொடர்பில் இருக்கும் பாதிப் பேர் உன்னை மாதிரியே வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். அதே வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காத ஒருவர் அதில் இருக்கலாம். எனக்கு இந்த வரிதான் மனசுக்கு உறுத்தியது.

‘என்னைச் சந்தேகப்பட்டவர்களுக்கும் நன்றி’ என்ற வரியும் வேண்டாம். உன் புது மேனேஜர் இதைப் படிப்பார், நீ யார்மேலோ கோபமாக இருக்கிறாய் என்பது மட்டும்தான் அவருக்குப் புரியும். ‘ஆல் மை வெல் விஷர்ஸ்’ என்ற பொது நன்றிக்குப் பதிலாக ஒருவரையோ இருவரையோ எடுத்து, அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல். உன் காலேஜ் சீனியர் உன் ரெஸ்யூமேவை வரி வரியாகப் படித்துத் திருத்தினார் என்று நீ முன்பு சொன்னாயே, அதை எழுது. வாக்கியத்தின் நடுவில் இன்னொரு ஆள் வந்து நின்றாலே பந்தா பாதி குறைந்துவிடும். அவர் பெயரை டேக் செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், சிலருக்கு அவர்கள் ஆபீஸில் அது சங்கடம்.

கடைசி வரி, ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு லேர்ன் நியூ திங்ஸ்’. இந்த ‘டு’வுக்குப் பின்னால் ‘லேர்னிங்’ என்றுதான் வரும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘தி மீட்டிங்’ மாதிரி ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார். அது பொருந்தினால் வினைக்கு ‘இங்’ போட வேண்டும். ‘நியூ திங்ஸ்’ என்பதில் எதுவுமே இல்லை, எதைக் கற்கப் போகிறாய் என்று சொல்.

ஆக, எல்லாம் சேர்த்து இப்படி வரும். கோடு போட்ட இடத்தில் கம்பெனிப் பெயர்:

“லாஸ்ட் வீக் ஐ ஜாயின்டு ____ இன் டொராண்டோ அஸ் எ டேட்டா அனலிஸ்ட் ஆன் தி கிளெய்ம்ஸ் டீம். பிஃபோர் திஸ், ஐ ஸ்பென்ட் த்ரீ இயர்ஸ் பில்டிங் சேல்ஸ் ரிப்போர்ட்ஸ் ஃபார் எ ரீடெய்ல் கம்பெனி இன் சென்னை. தேங்க் யூ டு மை காலேஜ் சீனியர், ஹூ வென்ட் த்ரூ மை ரெஸ்யூமே லைன் பை லைன். ஐ’ம் லுக்கிங் ஃபார்வர்ட் டு லேர்னிங் ஹவ் இன்சூரன்ஸ் கிளெய்ம்ஸ் வொர்க் இன் கனடா.”

நான்கே வரி. ஃபோனில் பார்ப்பவருக்கு முதல் சில வரிகள்தான் தெரியும், மீதி மடிந்துவிடும். அதனால்தான் சேர்ந்த சேதியை முதலில் வைத்தேன். சென்னை வேலையையும் வேண்டுமென்றேதான் விட்டு வைத்தேன். இங்கே வந்தபின் ஊர் அனுபவத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு, நீ அதை மறைக்காதே.

போடும் அன்று புரொஃபைலில் புது வேலையைச் சேர்ப்பாய் இல்லையா, அங்கே ‘Notify network’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிடு. இல்லையென்றால் லிங்க்ட்இன் தானாக ஒரு அறிவிப்பு விடும், உன் பதிவு இரண்டாவதாகப் போகும். ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிய படமும் வேண்டாம், பெயரும் கார்டின் அமைப்பும் அதில் அப்படியே தெரியும்.

பதிவு போன சில நாளில் உன் கம்பெனியின் தலைமை அதிகாரி பெயரில் ஒரு மெயிலோ மெசேஜோ வரலாம். ‘மீட்டிங்கில் இருக்கிறேன், ஒரு அவசர உதவி’ என்று தொடங்கி, கிஃப்ட் கார்டு வாங்கிப் பின்னால் இருக்கும் எண்ணைச் சுரண்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களை லிங்க்ட்இன்னில் பார்த்து வைத்துக்கொண்டு செய்யும் மோசடி இது. புது ஆள் என்பதால் மேலதிகாரியிடம் திருப்பிக் கேட்கத் தயங்குவாய் என்பதுதான் அவர்கள் கணக்கு. அனுப்பியவரின் மெயில் முகவரி முழுதாகக் கம்பெனியுடையதுதானா என்று பார், பதில் எழுதாமல் ஐடி பிரிவுக்கு அனுப்பிவிடு. கார்டு எண் போனால் பணம் பெரும்பாலும் திரும்பி வராது.

சேர்ந்த பிறகு டீமின் பெயர் மாறியிருந்தால் சொல், முதல் வரியை மட்டும் மாற்றித் தருகிறேன்.