அறிமுகமில்லாதவரிடம் ஒரு கேள்வி

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் 4 வருடமாக வேலை பார்க்கிறேன். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மாற வேண்டும் என்று 6 மாதமாக எஸ்க்யூஎல், பவர் பிஐ படிக்கிறேன். மெக்கானிக்கலில் இருந்து அப்படி மாறிய ஒரு மேடம் லிங்க்ட்இன்னில் என் அழைப்பை ஏற்றுக்கொண்டார். அவருக்கு இப்படி எழுதினேன்:

“ரெஸ்பெக்டட் சார்/மேடம், தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும். மிகவும் குழப்பத்தில் இருக்கிறேன். தங்களைப் போன்றவர்களின் வழிகாட்டுதல் கிடைத்தால் என் வாழ்க்கையே மாறும். டேட்டா அனலிஸ்ட் ஆவது எப்படி என்று தயவுசெய்து சொல்லுங்கள். ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன். தங்கள் பதிலுக்காகக் காத்திருப்பேன்.”

இதையே இன்னும் 13 பேருக்கும் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. மரியாதை போதவில்லையா? எந்தத் தொனியில் எழுதுவது?

— வாசகர், கோவை

பதில்: மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அது கொஞ்சம் கூடிப்போனதுதான் சிக்கல்.

அந்த மேடம் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். மாலையில் வீடு திரும்பும்போது போனை எடுக்கிறார். செய்திப் பட்டியலில் முதல் சில சொற்கள்தான் தெரியும். அங்கே “ரெஸ்பெக்டட் சார்/மேடம், தங்கள் பொன்னான” என்று இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோடு ஒன்றே போதும், இது பலருக்குப் போன கடிதம் என்று சொல்லிவிடும். பெயரும் படமும் கண்முன் இருக்கும்போது, ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார் என்று அவர் எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் அது அவருக்கென்று எழுதிய பணிவாகத் தெரியாது.

அடுத்தது மன்னிப்பு. முன்பின் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் மன்னிப்புக் கேட்டால், ஏதோ பெரிய உதவி வரப்போகிறது என்று அவர் மனம் தயாராகிவிடும். உடனே “என் வாழ்க்கையே மாறும்” என்று வருகிறது. நீங்கள் நன்றியுணர்வோடுதான் எழுதியிருக்கிறீர்கள். படிப்பவருக்கோ அது சுமை. தான் சொல்வது தவறாகப் போனால் ஒருவருடைய வாழ்க்கைக்கு நாம் பொறுப்பாகிவிடுவோமே என்று யாருக்கும் தோன்றும். அந்தத் தயக்கத்தில், பிறகு பார்க்கலாம் என்று மூடி வைப்பார்கள். மூடி வைத்த செய்தி கீழே போய்விடும்.

இதையெல்லாம்விட, பதில் வராததற்குப் பெரிய காரணம் உங்கள் கேள்வி. “டேட்டா அனலிஸ்ட் ஆவது எப்படி” என்பதற்கு நேர்மையாகப் பதில் எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கமாவது வரும். அதையும் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எழுத வேண்டும். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், எவ்வளவு படித்திருக்கிறீர்கள் என்பது அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. என்னிடம் எழுதிய முதல் இரண்டு வாக்கியத்தில் இருந்த தகவல் அவருக்கு எழுதியதில் விட்டுப்போயிருக்கிறது. ரெஸ்யூமில் இருக்கிறதே என்பீர்கள். போனில் அந்தக் கோப்பைத் திறந்து, பெரிதாக்கிப் படித்து, பிறகு பதில் எழுதும் வேலையை முகம் தெரியாதவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். போதாததற்கு, ஆலோசனை கேட்கும் செய்தியோடு ரெஸ்யூம் வந்தால் வேலை வாங்கித் தரச் சொல்கிறார் என்றே அர்த்தமாகும். இரண்டில் எது என்று தெரியாதபோது பதில் எழுதுவது இன்னும் கடினம்.

ஆக, தொனி என்று நாம் சொல்வது தயவுசெய்து, தங்கள் போன்ற சொற்களில் பாதிகூட இல்லை. எவ்வளவு கேட்கிறோம், கேட்பதற்கு முன் நாம் எவ்வளவு செய்திருக்கிறோம் என்பதில்தான் அது பெரும்பாலும் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில், பேருந்தில் நின்றுகொண்டே பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்பதுதான் அவருடைய நேரத்துக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பு. அப்படிக் கேட்டுவிட்டால் நேரத்தைப் பொன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி எழுதப்போகும் ஆட்களுக்கு, முதலில் அழைப்போடு போகும் குறிப்பு. Add a note என்ற பொத்தானை அழுத்தினால் வரும் பெட்டியில், கட்டணம் கட்டாத கணக்குக்கு 200 எழுத்துதான் இடம். அப்படிப்பட்ட குறிப்புகளும் மாதத்துக்குச் சிலவற்றுக்கு மேல் அனுமதி இல்லை. தமிழில் எழுதினால் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். ‘வணக்கம்’ நமக்கு ஐந்தெழுத்து, அந்தப் பெட்டிக்கு ஏழு. அதனால் ஆலோசனையை இங்கேயே கேட்டுவிட முயலாதீர்கள். நீங்கள் யார், ஏன் இவரிடம் வந்தீர்கள், அவ்வளவு போதும்:

“வணக்கம் மேடம். பம்ப் கம்பெனியில் 4 வருடமாக தர ஆய்வில் இருக்கிறேன். டேட்டா வேலைக்கு மாற 6 மாதமாகப் படிக்கிறேன். நீங்கள் இதே வழியில் வந்தவர். ஒரு கேள்வி கேட்கலாமா?”

இது பெட்டியின் கணக்கில் 160 எழுத்து சொச்சம்தான். ‘மேடம்’ முன்னால் அவர் பெயரைச் சேர்க்க இடம் மிச்சம் இருக்கிறது, சேருங்கள். சார், மேடம் என்று அழைப்பது நம்மிடையே இயல்பு, ஆனால் ஒரு செய்தியில் ஒரு முறை போதும். வெளிநாட்டில் இருப்பவருக்கோ ஐ.டி. நிறுவனத்தில் இருப்பவருக்கோ ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரை மட்டும் சொல்வதே அங்குள்ள வழக்கம், அதை அவமரியாதையாக யாரும் நினைக்க மாட்டார்கள். அக்கா, சிஸ்டர், டியர் மூன்றும் வேண்டாம். இல்லாத நெருக்கத்தைக் காட்டினால், குறிப்பாகப் பெண்கள், உடனே விலகிக்கொள்வார்கள்.

அவர் ஏற்றுக்கொண்ட பிறகு ஓரிரு நாளில் கேள்வியை அனுப்புங்கள். வெறும் ‘ஹாய்’ போட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். எதற்கு என்று தெரியாத ஹாய்க்குப் பலரும் பதில் போடுவதில்லை. உங்கள் விஷயத்தில் செய்தி இப்படி இருக்கலாம்:

“ஏற்றுக்கொண்டதற்கு நன்றி மேடம். பம்ப் டெஸ்டிங்கில் ரிஜெக்ட் ஆகும் காரணங்களைப் பதிவு செய்வது என் வேலை. அதே மாதிரி நானே உருவாக்கிய மாதிரித் தரவை வைத்து, எந்த ஷிஃப்டில் சீல் கசிவு அதிகம் என்று காட்டும் ஒரு டாஷ்போர்டு பவர் பிஐயில் செய்திருக்கிறேன். நீங்கள் உற்பத்தித் துறையிலிருந்து நேராக அனலிஸ்டாகச் சேர்ந்ததை உங்கள் புரொஃபைலில் பார்த்தேன். அந்த முதல் இன்டர்வியூவில் உங்கள் பழைய வேலை அனுபவத்தைப் பற்றி அதிகம் கேட்டார்களா, ப்ராஜெக்டுகளைப் பற்றியா? என் ரெஸ்யூமில் எதை மேலே வைப்பது என்று அதை வைத்து முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன். ஒரு வரி பதில் போதும்.”

இதில் கேள்வி ஒன்றே ஒன்று. அதுவும் இந்தப் பாதையில் வந்தவரால் மட்டும் சொல்லக்கூடியது. கூகுளில் தேடினால் கிடைக்காது. இதுவா அதுவா என்று கேட்டிருப்பதால் ஒரு சொல்லில்கூடப் பதில் சொல்லலாம். அவருக்கே ஆர்வம் இருந்தால் நான்கு வரி எழுதுவார், அது அவர் விருப்பம். அவர் பதிலை எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று சொல்லியிருப்பதால் தன் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதும் அவருக்குத் தெரிகிறது. முடிவெடுப்பது நீங்கள்தான். அதனால் அவர் தயக்கமில்லாமல் மனதில் பட்டதைச் சொல்லலாம்.

‘மாதிரித் தரவு’ என்று எழுதியதைக் கவனியுங்கள். கம்பெனியின் உண்மையான ரிஜெக்‌ஷன் எண்களை வெளியாள் கண்ணில் காட்டக் கூடாது. காட்டினால் உங்கள் வேலைக்கு ஆபத்து. ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற எண்ணமும் அவருக்கு வந்துவிடும். தரவைக் கையாளும் வேலைக்குப் போக நினைப்பவருக்கு அது பெரிய கெட்ட பெயர்.

புரொஃபைலைப் படித்ததற்கு ஓர் அடையாளம் போதும். அவர் பத்து வருடத்துக்கு முன் கல்லூரியில் வாங்கிய பரிசு, போன மாதம் லைக் போட்ட பதிவு என்று அடுக்கினால், ‘இவர் ஏன் என்னை இவ்வளவு நோண்டுகிறார்’ என்று பயப்படுவார். உங்கள் கேள்விக்குத் தொடர்புள்ள ஒன்றை மட்டும் சொல்லுங்கள். புகழ்ச்சிக்கும் இதே கணக்குதான். “உங்கள் பயணம் பெரிய உந்துதல்” என்பதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். “உற்பத்தியிலிருந்து நேராகச் சேர்ந்தீர்கள்” என்பதை அவருக்கு மட்டும்தான் எழுத முடியும்.

“15 நிமிடம் போனில் பேசலாமா” என்பதை முதல் செய்தியில் கேட்காதீர்கள். பதினைந்து நிமிடம் நமக்குச் சிறிதாகத் தெரியும். அவருக்கோ நாள் பார்த்து, நேரம் குறித்து, முகம் தெரியாதவரிடம் பேசத் தயாராகும் வேலை. எழுத்தில் இரண்டு மூன்று முறை பதில் வந்த பிறகு கேட்டால் அது இயல்பாக இருக்கும். பெரும்பாலும் அதற்குள் பேச வேண்டிய தேவையே இருக்காது.

பதில் வரவில்லையென்றால் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். “என் செய்தியைப் பார்த்தீர்களா” என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும். “நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும் மேடம், இப்போதைக்கு ப்ராஜெக்டை மேலே வைத்து விண்ணப்பிக்கத் தொடங்கிவிட்டேன்” என்று, உங்கள் பக்கம் நகர்ந்ததைச் சொல்லி எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பலர் லிங்க்ட்இன்னைத் திறந்தே மாதக்கணக்காகியிருக்கும். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நேற்று படித்துவிட்டார் போலிருக்கிறதே என்று இன்று மறுபடி எழுதுவதுதான் தவறு.

ஏற்கெனவே எழுதிய மேடத்துக்கு மறுபடி எழுதலாமா? தாராளமாக எழுதலாம். பழைய செய்தி அதே இழையில் மேலே தெரியும் என்பதால் அதை மறைக்க முடியாது, விளக்கவும் வேண்டாம். “முன்பு பொதுவாகக் கேட்டுவிட்டேன் மேடம், இப்போது குறிப்பாக ஒரு கேள்வி” என்று ஒரே வரியில் கடந்து, மேலே உள்ள செய்தியை எழுதுங்கள். மற்ற 13 பேரில் உங்கள் பாதைக்கு உண்மையிலேயே பக்கத்தில் வருபவர்கள் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும், ஒவ்வொருவர் புரொஃபைலையும் ஐந்து நிமிடம் படித்து, வேறு வேறு கேள்வி எழுதுங்கள். ஒரே அலுவலகத்தில் இருவர் இருந்தால் ஒருவருக்கு மட்டும். இருவர் கையிலும் ஒரே செய்தி இருப்பது தெரிந்துவிட்டால், சாய்கோடு போட்ட கடிதத்தின் கதைதான்.

பதில் வந்த நாளில் நன்றி சொல்வீர்கள், அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த நன்றியோடு அடுத்த கேள்வியை ஒட்டாதீர்கள். அவர் சொன்னதைச் செய்து பாருங்கள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, “நீங்கள் சொன்னபடி மாற்றினேன், 2 இன்டர்வியூ வந்தது, ஒன்றில் ஷிஃப்ட் வாரியான கசிவைப் பற்றித்தான் அரை மணி நேரம் கேட்டார்கள்” என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எதுவும் வரவில்லையென்றாலும் அதையும் எழுதுங்கள். அவர் நிறுவனத்தில் வேலை காலியாக இருந்தால், அந்த அறிவிப்பின் எண்ணைக் குறிப்பிட்டு, பரிந்துரைக்க முடியுமா என்று நேராகக் கேட்க அதுதான் சரியான சமயம். ரெஸ்யூமை அப்போது இணையுங்கள்.