புது விதிகளைப் பழைய டேட்டாவில் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தேன். பழைய முடிவோடு 97 விழுக்காடு ஒத்துப்போகிறது. நடைமுறையில் இறக்கிவிடலாமா?

இப்படிக் கேட்டிருந்தீர்கள். இப்போது இறக்காதீர்கள். ஒத்துப்போகாத அந்த 3 விழுக்காட்டை வரிவரியாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேனேஜர் அவசரப்படுத்துகிறார் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் கோலாலம்பூரில், காண்டிராக்ட் தொழிலாளர்களுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன். தொழிலாளி தரும் வங்கிக் கணக்கு அவருடையதுதானா என்று பார்க்க, ஐசி எனும் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் வங்கி திருப்பித் தரும் பெயரையும் ஒப்பிடுவோம். "ஐசி எண்ணையே ஒப்பிடலாமே" என்று யாராவது கேட்பீர்கள். எங்களுக்குத் திரும்பி வந்தது பெயர் மட்டும்தான்.

பழைய விதி எளிமையானது. எழுத்துகளைத் தவிர மற்றதை எடுத்துவிட்டு, முதல் 12 எழுத்தைப் பார்க்கும். இதில் `MOHD`, `MUHAMMAD` என்று மாற்றி எழுதியவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள். அதனால் புது விதி எழுதினோம். பெயரைச் சொல் சொல்லாகப் பிரி, மகன், மகள் என்று பொருள்படும் `BIN`, `BINTI` ஆகியவற்றை நீக்கு, `MOHD` வகையை ஒன்றாக்கு, இரண்டு பெயருக்கும் பொதுவான சொற்களின் எண்ணிக்கையை இரண்டிலும் உள்ள வெவ்வேறு சொற்களின் மொத்த எண்ணிக்கையால் வகு, 0.6-க்குக் கீழே வந்தால் நிராகரி. வரிசையைக் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்று மாதத்து 40,000 கோரிக்கைகளில் ஓட்டினோம். நிராகரித்தால் தொழிலாளிக்கு எஸ்எம்எஸ் போகும், அதை முதலில் துண்டித்தோம். முடிவுகள் தனி டேபிளுக்குப் போயின.

புது விதியைத் தொடுவதற்கு முன், பழைய விதியையே அதே டேட்டாவில் மறுபடி ஓட்டினோம். இதைப் பலர் செய்வதில்லை, தயவுசெய்து செய்யுங்கள். அன்றைய பதிவில் 1,180 நிராகரிப்பு இருந்தது. மறுபடி ஓட்டியபோது வந்தது 760. விதி அதேதான், முடிவு மட்டும் மாறியிருந்தது. காரணம் தேடியதில், பெயரை நாங்கள் தொழிலாளியின் இன்றைய விவரத்திலிருந்து எடுத்திருந்தோம். நிராகரித்தபின் ஆபீசில் யாரோ பெயரைத் திருத்தியிருக்கிறார்கள், திருத்திய பெயர் இப்போது அழகாகப் பொருந்துகிறது. அன்று வந்த கோரிக்கையின் மூலப் பதிவிலிருந்து பெயரை எடுத்தபிறகுதான் 1,180 வந்தது. அதற்குப் பிறகுதான் புது விதியின் எண்ணை நம்பினேன்.

புது விதி 1,150 பேரை நிராகரித்தது. பழையதைவிட 30 குறைவு. கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். நான் இதை ஓட்டிக் காட்டினேன்:

```sql
SELECT old_verdict, new_verdict, COUNT(*)
FROM replay_result
GROUP BY old_verdict, new_verdict;
```

இரண்டும் ஏற்றவை 38,280. இரண்டும் நிராகரித்தவை 610. பழையது நிராகரித்து, புதியது ஏற்றவை 570. பழையது ஏற்று, புதியது நிராகரித்தவை 540. ஆக 1,110 பேருக்கு முடிவு தலைகீழாக மாறியிருக்கிறது. ஒன்றையொன்று ஈடுகட்டியதால் மொத்தத்தில் தெரியவில்லை. உங்கள் எண் போலவே இதுவும் 97 விழுக்காடுதான்.

அந்த 540 பெயர்களையும் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். 412 பெயர்கள் எங்கள் தமிழ்ப் பெயர்கள். `KUMAR A/L RAMAN` மாதிரி, அதாவது ராமனின் மகன் குமார். புது விதி சாய்கோட்டை இடைவெளியாக மாற்றியது, அதனால் `A` ஒரு சொல், `L` ஒரு சொல். வங்கியில் அதே பெயர் `KUMAR AL RAMAN` என்று இருக்கும். பொதுவான சொற்கள் 2, மொத்தம் 5, மதிப்பு 0.4, நிராகரிப்பு. பழைய விதி இதைச் சரியாக ஏற்றிருந்தது. `BIN`, `BINTI` நீக்கும் பட்டியலில் `A/L`-உம் இல்லை, மகளைக் குறிக்கும் `A/P`-உம் இல்லை. சரவாக் பூர்வகுடிகளின் `ANAK` கூட இல்லை. எழுதியவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, அவர் பெயரில் அது இல்லை, அவ்வளவுதான். ஆனால் இறக்கியிருந்தால் 412 குடும்பத்துக்கு அந்த மாதச் சம்பளம் நின்றிருக்கும். மீதி 128-இல் பெரும்பாலானவை பழைய விதியின் தப்பு. `MUHAMMAD FAIZ`, `MUHAMMAD FAIZAL` இரண்டுக்கும் முதல் 12 எழுத்து ஒன்றுதானே.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, இந்த `A/L` என் வாழ்க்கை முழுக்கப் பின்னால் வருகிறது. இணைய விண்ணப்பங்களில் சாய்கோடு போட்டால் "தவறான எழுத்து" என்று சிவப்பில் காட்டும். எடுத்துவிட்டால் ஐசியோடு ஒத்துப்போகவில்லை என்பார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வேறு வழியில்லாமல் அப்பா பெயரை எழுதுவேன். அப்பா காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு கிளினிக்கில் அவர் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து போக ஒரு நிமிடம் ஆனது எனக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். `A/L`, `A/P`, `AL`, `AP`, `S/O`, `D/O`, `ANAK` எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முழுதாக மறுபடி ஓட்டினோம். 412 பேரும் ஏற்கப்பட்டார்கள். அத்தோடு விட்டிருந்தால் பெரிய தப்பாகியிருக்கும். இந்த முறை எதிர்ப்பக்கக் கட்டத்தையும் படித்தேன், பழையது நிராகரித்துப் புதியது ஏற்றவை. இங்கே ஒரு சிரமம் உண்டு. பழைய விதி நிராகரித்ததால் பணமே போகவில்லை, போயிருந்தால் தவறான ஆளுக்குப் போயிருக்குமா என்பதற்கு டேட்டாவில் பதில் இருக்காது. பாதிக்கு மேல், பின்னால் அதிகாரி ஐசி நகலைப் பார்த்து ஏற்ற குறிப்பு இருந்தது. குறிப்பு இல்லாதவற்றைக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்.

அங்கேதான் நான்கு வரிகள் கண்ணில் பட்டன. ஐசியில் `KUMAR A/L RAMAN`, வங்கியில் `RAMAN AL KUMAR`. நம்மில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போமே, அதுதான். குமாரின் மகன் ராமன். அப்பா மகனுடைய கணக்கைக் கொடுத்திருக்கிறார். வரிசை பார்க்காத எங்கள் விதிக்கு அப்பாவும் மகனும் ஒரே ஆள், மதிப்பு 1.0. மலாய்க்காரர் பெயர்களைப் பார்த்து வரிசை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம், எங்கள் பெயர்களில் வரிசைதான் ஆளையே காட்டுகிறது.

பிறகு `A/L` வகையை நீக்காமல் அதன் எல்லா வடிவங்களையும் ஒரே குறியாக மாற்றி, குறிக்கு முன்னால் உள்ளதை முன்னாலும், பின்னால் உள்ளதைப் பின்னாலும் தனித்தனியாக ஒப்பிட்டோம். `AL HAFIZ` மாதிரி பெயர்கள் மாட்டாமல் இருக்க, ஐசியில் சாய்கோட்டோடு இருந்தால் மட்டும் வங்கிப் பெயரின் `AL`-ஐக் குறியாக எடுத்தோம். மூன்றாவது முறையும் முழு 40,000-ஐயும் ஓட்டினோம். திருத்திய வரிகளை மட்டும் ஓட்டினால் போதாதா என்று கேட்டார்கள். முந்தைய திருத்தம்தான் அப்பாவையும் மகனையும் கூடுதலாக உள்ளே விட்டது என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள்.

உங்கள் டேட்டாவில் அந்த நான்கு எண்களையும் எடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள், பழைய விதியை மறுபடி ஓட்டியபோது அன்றைய பதிவு அப்படியே வந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.