"24 மணி நேரம் மணக்கும்" என்று எழுதிய அத்தருக்கு வக்கீல் நோட்டீஸ்

கேள்வி: சார், மதுரை காஜிமார் தெரு பக்கம் சின்ன அத்தர் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனிலும் விற்கிறேன். "100% சுத்தமான மதுரை மல்லி அத்தர், 24 மணி நேரம் மணக்கும், 1 தோலா (12 மி.லி.)" என்று போட்டு 950 ரூபாய்க்கு விற்றேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிவிட்டு, மூணு மணி நேரத்தில் வாசம் போய்விட்டது, ஊசி சிரிஞ்சில் அளந்தால் 11.4 மி.லி.தான் இருக்கிறது என்று 50,000 ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அத்தர் வியாபாரத்தில் எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறோம்? என்ன செய்வது?

பதில்: எல்லோரும் எழுதுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் அது பதிலாகாது. உங்கள் வரியில் மூன்று உறுதிகள் இருக்கின்றன. மூன்றுமே அளந்தோ சோதித்தோ பார்க்கக்கூடியவை. "மனதை மயக்கும் மணம்" என்று எழுதியிருந்தால் அதை யாரும் வழக்காக்க முடியாது, அது வெறும் புகழ்ச்சி. 24 மணி நேரம் என்பது கணக்கு.

அதிலிருந்தே தொடங்குகிறேன், உங்களுக்குப் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறை எது என்று சொல்கிறது. ஒரு பொருள் எவ்வளவு நாள் உழைக்கும், எப்படிச் செயல்படும் என்று முறையான சோதனை இல்லாமல் பொதுமக்களுக்கு உறுதி கொடுப்பதும் அதில் ஒன்று. சோதனை செய்துதான் சொன்னேன் என்று நீங்கள் சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது. வாசம் போய்விட்டதை அவர் நிரூபிக்கட்டும் என்று நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. சோதனைப் பதிவேடு இருக்கிறதா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சட்டைக் காலரில் தடவினால் மறுநாளும் அத்தர் மணக்கும், அதை வைத்து நீங்கள் எழுதியிருக்கலாம். மணிக்கட்டில் தடவிக்கொண்டு சித்திரை வெயிலில் மாசி வீதியைச் சுற்றி வந்தால் கதை வேறு. துணியில் தடவினாலா, தோலில் தடவினாலா என்று நீங்கள் சொல்லாததால், வாங்கியவர் தோல் என்று எடுத்துக்கொண்டது நியாயம்.

அடுத்து "100% சுத்தமான மதுரை மல்லி". இதில் உங்கள் விலையே உங்களுக்கு எதிர்சாட்சி. ஆயிரம் கிலோ மல்லிகையில் ஒன்றிரண்டு கிலோ சாறுதான் கிடைக்கும். அப்படியென்றால் 12 மி.லி. சுத்தச் சாறுக்கு ஆறு கிலோ பூவாவது வேண்டும். பூ விலை கிலோ 300 ரூபாய்க்கு இறங்கிய நாளிலும் பூவுக்கே 1,800 ரூபாய் ஆகிவிடும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலை தெரிந்த யாரும் 950 ரூபாய் பாட்டிலை நம்ப மாட்டார்கள். உங்களுக்குச் சரக்கு அனுப்பியவரின் பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் "காம்பவுண்ட்", அதாவது வாசனைக் கலவை என்றோ, "டி.பி.ஜி. பேஸ்", அதாவது வாசனையைக் கரைக்கும் செயற்கைத் திரவம் என்றோ இருந்தால், சுத்தம் என்ற சொல்லை அன்றே எடுத்துவிடுங்கள். மதுரை மல்லிக்கு 2013 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பூவிலிருந்து வராத வாசனைக்கு அந்தப் பெயரை வைப்பது இன்னொரு வழக்குக்கு வழி. மல்லிகை வாசம் என்று சொன்னால் போதும்.

அளவு விஷயத்தில் நீங்கள் ஏமாற்றவில்லை என்பது கணக்கைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு தோலா என்பது 11.66 கிராம், அது எடை. பழைய முறை அத்தருக்கு அடிப்படையான சந்தன எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. அதில் ஒரு தோலா எடுத்தால் ஏறக்குறைய 12 மி.லி. வரும். டி.பி.ஜி. தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். அதே எடை சுமார் 11.4 மி.லி.தான் வரும். நீங்கள் தராசில் வைத்து நிரப்பியிருக்கிறீர்கள், அவர் சிரிஞ்சில் அளந்திருக்கிறார். இரண்டும் சரி. தவறு லேபிளில் இருக்கிறது.

50 மி.லி. வரையுள்ள பேக்கில், தனி பாட்டில் ஒன்றுக்கு 9 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்று பேக்கேஜ் விதிகள் விடுகின்றன. 12 மி.லி.க்கு 1.08 மி.லி. குறையலாம், உங்கள் பாட்டிலில் குறைவு 0.6 மி.லி.தான். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். பல பாட்டில்களை எடுத்துப் பார்க்கும்போது சராசரி, லேபிளில் போட்ட அளவுக்குக் குறையக் கூடாது. உங்கள் எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி 11.4 இருக்குமே, அங்கே மாட்டிக்கொள்வீர்கள். தவிர, தோலா சட்டப்படியான அளவு அல்ல. எடை அளவுச் சட்டம் 2009 மெட்ரிக் அளவை மட்டுமே ஏற்கிறது. 10 மி.லி.யும் அதற்குக் குறைவும் உள்ள பாட்டிலுக்கு பேக்கேஜ் விதிகளில் விலக்கு உண்டு என்பதால், நீங்கள் 6 மி.லி. பாட்டிலில் விற்றால் லேபிள் சுமை குறையும். விளம்பரத்தில் சொன்ன சொல்லுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

சரி, நோட்டீசுக்கு வருவோம். பதில் போடாமல் இருக்காதீர்கள். 950 ரூபாயைத் திருப்பித் தருவதாகவும், திருப்பி அனுப்பும் செலவை நீங்களே ஏற்பதாகவும், உங்கள் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் இதைச் சொல்வதாகவும் ஒரு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். அளவு வித்தியாசம் வந்த விதத்தை மேலே சொன்ன கணக்கோடு எழுதுங்கள். 24 மணி நேரத்தை நியாயப்படுத்த முயலாதீர்கள். 50,000 என்பது கேட்கும் தொகை. அவருக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பையும் உங்கள் நடத்தையையும் பார்த்துத்தான் ஆணையம் தொகையை முடிவு செய்யும். பணத்தைத் திருப்பித் தர முன்வந்தவர் என்ற எழுத்து அப்போது உதவும்.

அவர் வழக்குப் போட்டால் நீங்கள் கோவை போக வேண்டியிருக்கும். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது; 5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. சம்மன் வந்தால் 30 நாளுக்குள் எழுத்துப் பதில் தர வேண்டும். கேட்டால் 15 நாள் கூடக் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாளும் கிடைக்காது. பழைய விளம்பரத்தை மாற்றுங்கள், ஆனால் அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும், உங்களிடம் இல்லாமல் போகக் கூடாது.

புதிய விளம்பரத்துக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து பேரின் மணிக்கட்டில் ஒரே அளவு தடவி, மணிக்கொரு தரம் வாசம் இருக்கிறதா என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். பேட்ச் எண், தேதி, வீட்டுக்குள்ளா வெயிலிலா என்பதும் அதில் வேண்டும். நன்றாக நின்ற ஒருவருடைய நேரத்தை எடுக்காதீர்கள், பெரும்பாலோருக்கு வந்த நேரத்தை எடுங்கள். அப்புறம் இப்படி எழுதலாம்:

"மல்லிகை வாச அத்தர். ஆல்கஹால் இல்லை, வாசனைக் கலவை டி.பி.ஜி.யில் கலந்தது. தடவியதும் பச்சை மொட்டு வாசம், அரை மணி கழித்து விரிந்த மல்லிகை, கடைசியில் லேசான சந்தனம். அழுத்தம் நடுத்தரம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். எங்கள் சோதனையில் தோலில் 3 முதல் 4 மணி நேரம் நின்றது. துணியில் இன்னும் அதிக நேரம் நிற்கும். தோல், வியர்வை, வெயிலைப் பொறுத்து மாறும். அளவு 11 மி.லி."

11 என்று போட்டுவிட்டு, இனி தராசில் நிரப்பாமல் மி.லி. அளவுக் குழாயில் 11 நிரப்புங்கள். அழுத்தத்தைச் சதவீதமாகச் சொல்ல ஆசைப்பட்டால், சரக்கு தருபவரிடம் அந்த எண்ணை எழுத்தில் வாங்கிய பிறகு சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. வாசனைத் திரவியம் சட்டப்படி அழகுசாதனப் பொருள். கடைக்கு வந்தவருக்குக் கேனிலிருந்து ஊற்றிக் கொடுப்பது சில்லறை வியாபாரத்தின் வழக்கம். ஆன்லைனுக்காக நூறு பாட்டிலை முன்கூட்டியே நிரப்பி லேபிள் ஒட்டுவதை, மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டம் 1940-இன்படி தயாரிப்பு என்று சொல்ல இடமிருக்கிறது. அதற்கு உரிமம் வேண்டும். நோட்டீசுக்குப் பதில் எழுதும் வக்கீலிடம் சரக்கு பில்லோடு இதையும் கேட்டுவிடுங்கள்.