வேலையை விட்டுவிட்டு சொந்த நிறுவனம் தொடங்குகிறேன். பழைய டீமுக்கு நன்றி சொல்லி லிங்க்ட்இன்னில் போஸ்ட் போட வேண்டும், எப்படி எழுதலாம்?

எழுதுவது கிடக்கட்டும். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்துவிட்டதா? செட்டில்மென்ட் பணம் கணக்கில் ஏறிவிட்டதா? இல்லையென்றால் போஸ்ட் டிராஃப்டிலேயே இருக்கட்டும். கடைசி வாரத்தில்தான் இந்தக் கை அரிப்பு வரும். எனக்கும் வந்தது.

2022இல் நடந்தது. கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் 7 வருடம் இருந்தேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நூல், துணி, ஜாப் ஒர்க் கணக்கு பார்க்கும் மென்பொருள் எங்களுடையது. நான் தொடங்கியதோ ஓட்டல்களுக்குக் காய்கறி, மளிகை கொள்முதல் பார்க்கும் செயலி. "போட்டிக் கம்பெனி ஆரம்பித்தால் சும்மா விடுவார்களா" என்று யாரும் கமென்டில் வர வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு உக்கடத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே போஸ்ட் போட்டுவிட்டேன். ஆறு பேரை டேக் செய்தேன், பிரிவு விழாவில் எடுத்த படத்தையும் சேர்த்தேன். அதில் ஒரு தம்பியைப் பற்றித் தனியாக, "ராத்திரி 11 மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுப்பான். சீக்கிரமே மறுபடி சேர்ந்து வேலை பார்ப்போம்" என்று எழுதினேன். பாசத்தில் எழுதியதுதான். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அவனிடமிருந்து போன். "அண்ணா, என் பேரை மட்டும் எடுத்துடுங்ணா. ஹெச்ஆர் கூப்பிட்டு, நீ எப்போ பேப்பர் போடப் போறேன்னு கேட்கறாங்க." அது அப்ரைசல் மாதம் வேறு.

என் ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி இருந்திருக்கிறது: விலகி ஓராண்டுக்குக் கம்பெனி ஆட்களையோ வாடிக்கையாளர்களையோ இழுக்கக் கூடாது. 1872 ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகு ஒருவர் தொழில் செய்வதையே தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. அதைப் படித்துவிட்டு நான் தைரியமாக இருந்தேன். ஆனால் ஆள் இழுப்பதும், கம்பெனி ரகசியத்தை வெளியே விடுவதும் வேறு கணக்கு, அதற்கு அந்தப் பிரிவு அவ்வளவு எளிதாகக் கைகொடுக்காது. "சேர்ந்து வேலை பார்ப்போம்" என்ற என் வரியை அவர்கள் அந்தக் கண்ணாடி போட்டுத்தான் படித்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எங்கள் தலைகளுக்குப் பின்னால் வெள்ளைப் பலகை. அதில் இரண்டு வாடிக்கையாளர் பெயரும் கோ-லைவ் தேதியும் பச்சை மார்க்கரில்!

இதைவிடப் பெரிய தப்பு தேதியில். "இன்று பிறக்கிறது எங்கள் நிறுவனம்" என்று பெயரோடு போட்டிருந்தேன். உண்மையில் கம்பெனியைப் பதிவு செய்தது மூன்று வாரத்துக்கு முன்பு. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் பதிவான தேதி யாருக்கும் தெரியும். சம்பளம் வாங்கிக்கொண்டே இன்னொரு கம்பெனியில் டைரக்டராக இருந்ததற்கு விளக்கம் கேட்டு மெயில் வந்தது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

செட்டில்மென்ட் நின்றது. அடிப்படைச் சம்பளம் 30,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 7 வருடத்துக்குப் போட்டால் கிராஜுவிட்டி சுமார் 1.21 லட்சம். சட்டப்படி 30 நாளில் தர வேண்டியது, நான்காவது மாதம்தான் வந்தது. ஆபீஸ் அட்வான்ஸுக்கு அதைத்தான் நம்பியிருந்தேன்.

இடையில் பேங்க் பண்ணியது தனிக் கதை. சம்பளம் வருவது நின்றதும் சேலரி அக்கவுன்ட்டைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டு, மினிமம் பேலன்ஸ் இல்லையென்று அபராதம் பிடித்தார்கள். மேனேஜரிடம் கேட்டால், "மெசேஜ் அனுப்பினோமே சார்" என்கிறார். எந்த மெசேஜ், எந்த நம்பருக்கு என்று இன்றுவரை சொல்லவில்லை. சரி, அது இங்கே எதற்கு.

இப்போது எழுதினால் இவ்வளவுதான் எழுதுவேன்: "ஏழு வருடம் பார்த்த வேலையிலிருந்து கடந்த மாதம் விலகினேன். ஓட்டல் சமையலறைக் கொள்முதலுக்கு ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறேன். ஜிஎஸ்டி வந்த வருடம் என்னோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பில் ஃபார்மட் மாற்றியவர்களுக்கு நன்றி. அவர்களுக்குத் தெரியும், நான் யாரைச் சொல்கிறேன் என்று." டேக் இல்லை, படம் இல்லை, "எங்களோடு சேருங்கள்" இல்லை. ஏற்கெனவே அங்கிருந்து விலகிவிட்டவர்கள் பெயரை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு போடலாம். இன்னும் அங்கே இருப்பவர்களுக்குப் போனில் நன்றி சொல்லுங்கள். ஆள் கிடைக்காது என்று பயப்படாதீர்கள், வர நினைப்பவர் டேக் பார்த்து வருவதில்லை.

அந்தத் தம்பி அதே கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறான். தீபாவளிக்கு மறக்காமல் போன் செய்வான். என் போஸ்டுக்கு மட்டும் இன்றுவரை ஒரு லைக் போட்டதில்லை.