‘பார்க்கலாம்’ என்றால் பெயர் அச்சில் ஏறிவிடும்: கேள்வி பதில்

திருத்துறைப்பூண்டி பக்கம், வேளாண் அலுவலர்: ஐப்பசியில வாரத்துக்கு மூணு கூட்டத்துக்குக் கூப்பிடுறாங்க. எனக்கு சம்பா வேலையே தலைக்கு மேல. முகத்தை முறிக்காம எப்படிங்க மறுக்கிறது?

பதில்: ‘பார்க்கலாம் சார்’, ‘முயற்சி பண்றேன்’ இரண்டையும் முதலில் விடுங்கள். நம்ம பக்கம் அதற்குப் பொருள் சம்மதம்தான். கேட்டவர் அன்று சாயங்காலமே அச்சகத்துக்குப் போய்விடுவார். ஃப்ளெக்ஸில் உங்கள் படம் ஏறிய பிறகு ‘வர முடியலை’ என்றால் வருத்தம் உங்களோடு நிற்காது. அவர் ஊரில் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மறுப்பை அன்றைக்கே, தாமதித்தால் மறுநாள் காலைக்குள் சொல்லிவிடுங்கள்.

காரணம் ஒன்றே போதும், அதுவும் தேதியோடு. ‘வேலை அதிகம்’ என்றால் ‘யாருக்குத்தான் இல்லை’ என்பார்கள். காப்பீட்டுக் கெடு என்றால் டெல்டாவில் எவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். சம்பாவுக்கு அது வழக்கமாக நவம்பர் 15-ஐ ஒட்டி வரும். அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத் தேதியைப் போடுங்கள். உதாரணத்துக்கு, மன்னார்குடி பக்கத்து உழவர் குழு ஒன்று அக்டோபர் 25 அன்று இலைச்சுருட்டுப் புழு பற்றிப் பேசக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“வணக்கம் ஐயா. அக்டோபர் 25 கூட்டத்துக்கு அழைத்ததற்கு நன்றி. அன்று என்னால் வர இயலாது; அழைப்பிதழில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம். நவம்பர் 15 வரை பயிர்க் காப்பீட்டு வேலையாகத் தினமும் கிராமங்களில் இருப்பேன். உங்கள் உறுப்பினர்கள் இலைச்சுருட்டுப் புழு பற்றிக் கேட்க நினைக்கும் பத்துக் கேள்விகளை 20-ஆம் தேதிக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், 23-ஆம் தேதி மாலைக்குள் குரல் பதிவாகப் பதில் தருகிறேன். கூட்டத்தில் ஒலிபெருக்கியில் போடலாம். இது உதவுமா என்று 18-க்குள் சொல்லுங்கள்.”

மறுப்பு நன்றிக்கு அடுத்த வரியிலேயே வந்துவிட்டது. ‘பெயரைச் சேர்க்க வேண்டாம்’ என்பதைப் பலர் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். எதை விட்டாலும் அதை விடாதீர்கள்.

வலங்கைமான், விதை விற்பனையாளர்: மாற்றுன்னு சொல்லி நாமளே இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக்கிறோமே? வரலைன்னு சொல்றதோட நிறுத்திக்கிட்டா என்ன?

பதில்: பாதி சரி. மாற்று பெரிதாகிவிட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சு என்றால் போக வர இரண்டு மணி, சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பு ஒரு மணி, பொன்னாடை, சாப்பாடு என்று அரை நாளுக்கு மேல் போகும். பத்துக் கேள்விக்குத் தலா இரண்டு நிமிஷம் வைத்தால் பேசுவது இருபது நிமிஷம். யோசித்து, ஒன்றிரண்டைத் திரும்பப் பதிவு செய்தாலும் ஒரு மணிக்குள் முடியும். மிச்சமாகும் நேரத்தில் கால் பங்குக்கு மேல் தின்னும் மாற்றைத் தராதீர்கள். புதிதாகக் கட்டுரை எழுதித் தருகிறேன் என்பது அந்த வகை. எழுதவும் மாட்டோம், அவரும் காத்திருப்பார்.

கேள்விகள் அவர்களிடமிருந்து வரட்டும் என்பதற்கும் காரணம் உண்டு. நாமாகப் பேசினால் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியில் ஆரம்பிப்போம். அவர்கள் கேட்பதோ ‘இலை வெளுத்திருக்கு, மருந்து அடிக்கலாமா, தண்ணியை வடிக்கணுமா’ என்பது.

கூட்ட நேரத்தில் போனில் பேசுகிறேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். போனை மைக் முன்னால் பிடிப்பார்கள். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்கே திரும்பி ஊளையிடும், ஒரு வார்த்தை புரியாது. பதிவை முன்னாலேயே அனுப்பி, போனிலிருந்து ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி. கேள்வியை வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பத்தையும் ஒரே பதிவாகத் தந்தால் நடுவில் நிறுத்திப் பேசுவது சிரமம்.

கும்பகோணம், கல்லூரி ஆசிரியை: எனக்குப் பதிலா துறையில இன்னொருத்தரை அனுப்புறேன்னு சொல்லிடலாமா?

பதில்: அவரிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகு மட்டும். கேட்காமல் எண்ணைக் கொடுத்தால் இரண்டு பேரின் மனக்கசப்பு மிஞ்சும். ‘நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்’ என்று பொதுவாகக் கைகாட்டுவதும் மாற்று ஆகாது. அந்த இடம் அமைப்பாளருக்கே தெரியும். அங்கே யாரிடம், எந்தப் பொருளுக்கு, எந்த நேரத்தில் பேசலாம் என்று விசாரித்துச் சொன்னால்தான் உதவி. அனுப்புகிறவரை ‘எனக்குப் பதில்’ என்று அறிமுகம் செய்யாதீர்கள். ‘இந்தப் பொருளில் மூன்று பருவமாக வயலில் வேலை பார்ப்பவர்’ என்பது போல, உண்மையாக அவருக்கு உள்ள தகுதியைச் சொல்லுங்கள்.

மன்னார்குடி, உழவர் குழு நிர்வாகி: கூட்டம் நடத்துறவன் பக்கத்துல இருந்து சொல்றேன். எங்களுக்குப் பதிவும் வேணாம், மாற்று ஆளும் வேணாம். அந்தப் பேருக்குத்தான் ஜனம் வரும்.

பதில்: உண்மைதான், மறுக்கவில்லை. பேருக்காகக் கூப்பிடுகிற கூட்டத்துக்கு நான் சொன்ன எதுவும் ஈடாகாது. அங்கே வேறு தேதி ஒன்றுதான் வழி. அதுவும் முடியாதவர் மறுப்போடு நிறுத்திக்கொள்வதே நேர்மை என்பது என் எண்ணம். எப்படியும் ஒரு பதிவாவது அனுப்புவதுதான் மரியாதை என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

திருத்துறைப்பூண்டி அலுவலர் மறுபடி: அப்ப பொங்கல் கழிச்சு வைங்கன்னு சொல்லிடட்டுமா?

பதில்: வேண்டாம். பொங்கல் கழிந்தால் சம்பா அறுவடை, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடப்பார்கள். உங்களுக்கும் ஓய்வு இருக்காது, கேட்க ஆளும் இருக்காது. பங்குனி நடுவிலிருந்து வைகாசி வரை பாருங்கள். மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்று வைத்தால் குறுவை நாற்றங்கால் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். எனவே ‘ஏப்ரல் இரண்டாம் வாரம், புதன் அல்லது வியாழன்’ என்று சொல்லி, அன்றே நாட்குறிப்பில் எழுதிவிடுங்கள். எழுதாத தேதியைத் தராதீர்கள்.

பாபநாசம், விவசாயி: எங்க பேத்தி காதுகுத்துக்கு ஆபீசரைக் கூப்பிட்டேன், வேலைன்னுட்டாரு. அவரும் பதிவுதான் அனுப்புவாரோ?

பதில்: ஐயா, அது வேற கணக்கு. விசேஷத்துக்கு ஆளே வந்தால்தான் உண்டு. முதல் நாள் சாயங்காலம் வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து, மொய் எழுதிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், ஆடிட்டர்: செப்டம்பர் கடைசியில ‘பத்து நிமிஷம் நேர்ல பார்க்கணும்’னு வர்றவங்களை என்ன பண்றது?

பதில்: சந்திப்பை மறுத்துவிட்டு, விஷயத்தை வாங்கிக்கொள்ளுங்கள். “30-ஆம் தேதி வரை நேரில் பார்க்க இயலாது. நோட்டீஸ் வந்திருந்தால் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்புங்கள்; அவசரமா இல்லையா என்று நாளை மாலைக்குள் சொல்கிறேன்.” பதில் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியைப் பார்க்க உங்களுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். அவசரமில்லை என்றால் அக்டோபரில் ஒரு நாளையும் மணியையும் கொடுத்துவிடலாம். பலருக்கு அந்த ஒரு வரிதான் தேவைப்பட்டிருக்கும்.

நன்னிலம், பெயர் சொல்ல விரும்பாதவர்: எழுதி அனுப்பினாலும் ‘அரை மணி நேரம் வந்தா போதும்’னு திரும்பக் கூப்பிடுறாங்களே?

பதில்: புதுக் காரணம் எதுவும் சேர்க்காதீர்கள், இரண்டாவது காரணம் வந்தால் முதலாவது பொய்யாகத் தெரியும். அதே காரணம், அதே மாற்று, அதே தேதி. ‘கேள்விகளை 20-க்குள் அனுப்புங்கள் ஐயா’ என்று முடித்துவிடுங்கள். கூப்பிடுகிறவர் உங்கள் பழைய வாத்தியாராக இருந்தால் மட்டும் எழுதுவதற்கு முன்னால் போன் செய்து சொல்லிவிடுங்கள். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் போன்றவை அழைப்பே அல்ல, உத்தரவு. அங்கே போக முடியாவிட்டால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, புள்ளிவிவரத்தைக் கையில் கொடுத்து ஆளை அனுப்ப வேண்டும்.